புயலின் கண், எட்டுக் கட்டங்கள், ஒரு நிமிடம்: கையால் வரைந்த ஸ்டோரிபோர்டுக்குக் குரல் வரி எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸில் மாலை நேரத் தமிழ் வகுப்பு எடுக்கும் நண்பர்கள் சிலர் பிள்ளைகளை வைத்து ஒரு நிமிட வீடியோ செய்கிறார்கள். பிள்ளைகள் தாளில் கட்டம் கட்டமாக வரைகிறார்கள், யாரோ அதை போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார்கள், நான் குரலில் வரவேண்டிய வரிகளை எழுதித் தருகிறேன். கேட்ட கேள்வியே திரும்பத் திரும்ப வருவதால் ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு ஒரே வீடியோவைத்தான் கடைசிவரை பிடித்துக்கொள்ளப் போகிறேன். தலைப்பு, புயலின் கண், அதாவது சுழலின் நடுவில் காற்று தணிந்திருக்கும் இடம். கட்டங்கள் இவை:

1. தீவின் வரைபடம், மேலே வலப்பக்கம் ஒரு சுழல். 6 விநாடி.
2. மேலிருந்து பார்த்த சுழல், அம்புக்குறிகள், நடுவில் ஓட்டை. 8 விநாடி.
3. வீடு, ஒரு பக்கமாகச் சாயும் மரம், பறக்கும் தகரம், மழை. 7 விநாடி.
4. நீல வானம், அசையாத மரம், கதவில் கை வைக்கும் சிறுமி. 8 விநாடி.
5. புயலைக் குறுக்கே வெட்டிய படம்: இரு பக்கமும் மேகச் சுவர், நடுவில் குட்டி வீடு. 9 விநாடி.
6. அதே வீடு, மரம் மறுபக்கம் சாய்கிறது. 8 விநாடி.
7. வீட்டுக்குள் குடும்பம், மேசையில் ரேடியோ. 7 விநாடி.
8. காலை வெயில், திறந்த கதவு. 7 விநாடி.

கூட்டினால் சரியாக 60.

போட்டோ கைக்கு வந்ததும் முதலில் எதை எழுத வேண்டும்?

எதையும் எழுத வேண்டாம். போட்டோவை ஒருமுறை குரலே இல்லாமல், ஒவ்வொரு கட்டத்திலும் அதன் விநாடிக்குக் கண்ணை நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் படத்தால் சொல்ல முடியாதது என்ன?

மூன்றாம் கட்டத்தில் மரம் சாய்வது, தகரம் பறப்பது, மழை எல்லாம் தெரிகிறது. எவ்வளவு நேரமாக அடிக்கிறது என்பது தெரியாது. காற்று ஒரே பக்கமிருந்து அடிக்கிறது என்பதைப் பார்ப்பவர் கவனிக்கவும் மாட்டார். ஆனால் ஆறாம் கட்டத்தில் மரம் மறுபக்கம் சாயும்போது கதையே அதில்தான் இருக்கிறது. ஆக அந்தக் கட்டத்தின் வரி இரண்டு செய்தியை மட்டும் சுமந்தால் போதும்: மணிக்கணக்கில், ஒரே பக்கத்திலிருந்து. மரத்தையும் மழையையும் வாயால் சொல்லத் தேவையில்லை.

இப்படி எட்டுக் கட்டத்துக்கும் ஓரத்தில் இரண்டு மூன்று சொல் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு கட்டத்துக்கு எத்தனை சொல் எழுதலாம்? ஆங்கிலக் கணக்கில் நிமிடத்துக்கு 150 சொல் என்கிறார்களே?

அந்தக் கணக்கு தமிழுக்கு ஆகாது. ‘எதிர்ப்பக்கத்திலிருந்து’ என்பது நமக்கு ஒரே சொல், ‘கண்’ என்பதும் ஒரே சொல். இரண்டையும் ஒன்று ஒன்றாக எண்ணினால் எந்தக் கட்டமும் நேரத்துக்குள் அடங்காது.

நான் எழுத்தை எண்ணுகிறேன், புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு. ‘காற்று’ என்றால் கா, று, இரண்டு. ‘அடிக்கிறது’ என்றால் அ, டி, கி, ற, து, ஐந்து. புள்ளியில்லாத எழுத்து ஒன்று வாயில் ஓர் அசைவு. நெடிலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், குறிலுக்குக் குறையும். ஒரு வரிக்குள் அது சரியாகிவிடும்.

சாதாரணமாகப் பேசினால் எனக்கு விநாடிக்கு 6 எழுத்து போகிறது. வீட்டில் கிரியோல் பேசிவிட்டு வகுப்பில் மட்டும் தமிழ் கேட்கும் பிள்ளைகளுக்கு 4தான் சரி. கட்டம் மாறும் இடத்தில் மூச்சுவிட ஒரு விநாடியும் வேண்டும். எனவே விநாடியில் ஒன்றைக் கழித்து, மீதியை 4ஆல் பெருக்குங்கள். 8 விநாடிக் கட்டத்துக்கு 28 எழுத்து. 6 விநாடிக் கட்டத்துக்கு 20. இது உச்ச வரம்பு. முழுக்க நிரப்பியே ஆகவேண்டும் என்று நினைக்க வேண்டாம்.

ஒரு கட்டத்தை எடுத்து, முதல் வரைவிலிருந்து கடைசி வரிவரை காட்ட முடியுமா?

நான்காம் கட்டம் இந்த வீடியோவின் உயிர். அதையே எடுத்துக்கொள்கிறேன். ஓர் ஆசிரியை எழுதி அனுப்பிய முதல் வரைவு இது:

‘திடீரென்று காற்று நின்றது, மழை நின்றது, வானம் நீலமாகத் தெரிகிறது, எல்லாரும் புயல் போய்விட்டது என்று நினைத்து வெளியே வருகிறார்கள்.’

எண்ணிப் பார்த்தால் 47. இருப்பது 28க்கு இடம். வேகமாகப் படித்துச் சமாளிக்கலாம் என்றார். வேகமாகப் படித்தால் புயல் ஓய்ந்த அமைதியே இல்லாமல் போய்விடுமே!

சரி, படம் ஏற்கெனவே சொல்வதை அடித்தேன். மழை இல்லை என்று படத்தில் தெரிகிறது. வானம் நீலம் என்று பிள்ளையே வண்ணம் அடித்திருக்கிறாள். காற்று நின்றதும் அசையாத மரத்தில் தெரிகிறது. மிஞ்சியது ஒன்றுதான்: கதவில் கை வைக்கும் சிறுமியின் மனதில் ஓடும் எண்ணம், அது தவறு என்பது. படத்தில் வரைய முடியாதது அதுதான்.

‘புயல் போய்விட்டதா? கதவைத் திறக்க வேண்டாம்.’

14 எழுத்து, மூன்றரை விநாடி. மீதி நாலரை விநாடியை என்ன செய்வது என்று கேட்பீர்கள். முன்னால் விட்டுவிடுங்கள். மூன்றாம் கட்டத்தின் காற்றுச் சத்தம் சட்டென்று அறுந்து, நான்கு விநாடி எதுவும் கேட்காமல் நீல வானம் மட்டும் நிற்கட்டும். அப்புறம் குரல் வரட்டும். எழுதிக் கொடுக்கும் தாளில் அந்த இடத்தில் ‘4 விநாடி அமைதி’ என்று தெளிவாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் வீடியோவை வெட்டி ஒட்டுபவர் அங்கே பாட்டைப் போட்டுவிடுவார்.

புயல் எந்தப் பக்கம் சுற்றுகிறது? படத்தில் ஒன்று இருக்கிறது, வரியில் ஒன்று வருகிறது.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் நமக்கு, மேலிருந்து பார்த்தால் புயல் கடிகார முள்போல் சுற்றும். வங்காள விரிகுடாவில் அதற்கு நேர்மாறு. பிள்ளைகள் இணையத்தில் பார்த்து வரையும் படம் பெரும்பாலும் வட பாதியின் புயலாக இருக்கும். எனவே இரண்டாம் கட்டத்தின் அம்புக்குறிகளை எப்போதும் விரலால் சுற்றிப் பாருங்கள். தவறாக இருந்தால் வரியை மாற்றிச் சமாளிக்காமல் கட்டத்தைத் திரும்ப வரையச் சொல்லுங்கள்.

சுழல் மாறித் தெரிய இன்னொரு காரணமும் உண்டு, அதில் நானே மாட்டினேன். ஒரு வகுப்பிலிருந்து வந்த போட்டோவில் சுழல் இடப்பக்கமாகச் சுற்றியது. பிள்ளை தவறாக வரைந்துவிட்டாள் என்று சொல்லி அனுப்பினேன், அவளும் அழித்து வரைந்தாள். உண்மையில் அவள் முதலில் வரைந்ததுதான் சரி. போனின் முன்பக்கக் கேமராவில் எடுத்திருக்கிறார்கள், அது கண்ணாடிபோல் இடவலம் மாற்றிச் சேமித்துவிட்டது. கட்டத்தில் ஓர் எழுத்தாவது இருந்திருந்தால் திரும்பியிருப்பதைக் கண்டிருப்பேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் எண் போடச் சொல்கிறேன். எண் திரும்பியிருந்தால் படமும் திரும்பியிருக்கிறது.

எண் என்றால் 1, 2, 3தான். நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் இருக்கிறதே என்று ஒரு பையன் தமிழ் எண்களில் போட்டிருந்தான். மகிழ்ச்சிதான், ஆனால் ௧ஐ ‘க’ என்று படித்துவிட்டு, அது ஏதோ குறிப்பு என்று அரை மணி நேரம் தேடினேன்.

‘கடிகார முள் சுற்றும் திசையில்’ என்று எழுதினால் இடமே தீர்ந்துவிடுகிறது. சுருக்க வழி உண்டா?

வலம் என்ற சொல்லை நாம் வைத்துக்கொண்டே மறந்துவிடுகிறோம். கோயிலை வலம் வராத பிள்ளை இந்த வகுப்புகளில் யாரும் இல்லை. நம் கடலின் புயலும் அதே பக்கமாகத்தான் சுற்றுகிறது. எனவே:

‘நம் பக்கத்துக் கடலில் புயல் வலமாகச் சுற்றும், கோயிலை நாம் சுற்றுவதுபோல.’

25 எழுத்து, 28க்குள் அடங்குகிறது. ‘நம் பக்கத்துக் கடலில்’ என்பதை வெட்டலாமா என்று கேட்டார்கள். வெட்டினால் வரி பொய்யாகிவிடும். சென்னையில் உறவினர் இருக்கும் பிள்ளை அங்கே புயல் வரும்போது தொலைக்காட்சியில் பார்ப்பதோ எதிர்ப்பக்கச் சுழல். அந்த ஏழு எழுத்தைக் கொடுத்தே ஆகவேண்டும்.

திசையின் பெயரைச் சொல்லலாமா? தென்கிழக்கு, வடமேற்கு என்று?

முதல் கட்டத்தில் வரைந்திருப்பதுபோல் புயல் வடகிழக்கிலிருந்து நேராகத் தீவின்மேல் வந்தால் முதலில் தென்கிழக்குக் காற்று அடிக்கும், கண் கடந்தபின் வடமேற்கிலிருந்து அடிக்கும். கணக்கு சரிதான். ஆனால் மூன்றாம் கட்டத்தில் ஒரு வீடும் மரமும் மட்டும் இருக்கின்றன, திசை காட்ட ஒன்றும் இல்லை. படத்தோடு ஒட்டாத சொல்லைக் காது வாங்கிக்கொள்ளாது. புயல் வேறு பாதையில் வந்தால் அந்தப் பெயர்களும் மாறிவிடும்.

‘காற்று ஒரே பக்கத்திலிருந்து மணிக்கணக்கில் அடிக்கிறது’ என்றும், ‘கண் கடந்ததும் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்ப அடிக்கும்’ என்றும் எழுதினால், கண் எந்தப் பாதையில் தலைக்கு மேல் வந்தாலும் உண்மை. மரத்தின் சாய்வும் அதையே காட்டுகிறது. காற்று திசை மாறாமல் வலுத்துக்கொண்டே போனால் கண் நம்மை நோக்கி வருகிறது என்று பழைய மாலுமிகள் கணிப்பார்கள். அதனால் அந்த ‘ஒரே பக்கம்’ வெறும் அலங்காரம் அல்ல.

‘புயலின் கண்ணில் காற்று இல்லை’ என்று எழுதினேன். ஓர் அறிவியல் ஆசிரியர் தவறு என்கிறார்.

அவர் சொல்வது சரி. கண்ணுக்குள் காற்று மிகவும் தணியும், முற்றிலும் இல்லாமல் போகாது. இது நேரத்துக்குள் அடக்கும்போது வரும் வழக்கமான பிழை: சிறிய சொல்லைத் தேடி, பொய்யான சொல்லில் போய் நிற்போம். ஐந்தாம் கட்டத்துக்கு 32 எழுத்து இருக்கிறது. ‘அடங்கியிருக்கும்’ என்று போட்டால் 34 ஆகி வழிகிறது. ‘ஓயும்’ என்று போட்டேன். ‘இல்லை’யைப்போலவே இரண்டு எழுத்து, பொருளும் சரி:

‘இது புயலின் கண். இங்கே காற்று ஓயும். சுற்றியிருக்கும் மேகச் சுவரில்தான் காற்று மிக அதிகம்.’

30. இந்த ஒரு கட்டத்தில்தான் குரல் படத்தை விரலால் தொட்டுக் காட்டுவதுபோல் பேசுகிறது. குறுக்கே வெட்டிய படம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாதது, எது சுவர், எது கண் என்று சொல்லித்தான் ஆகவேண்டும். படத்தில் இருப்பதைச் சொல்லாதே என்று மேலே எழுதினேன், அதற்கு இது விலக்கு.

சிக்லோன் என்று எழுதுவதா, புயல் என்றா?

பிள்ளைக்குத் தெரிந்த சொல் சிக்லோன், கற்க வந்த சொல் புயல். முதல் கட்டத்திலேயே இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டேன்: ‘சிக்லோன் வருகிறது. தமிழில் இதைப் புயல் என்போம்.’ அதற்குப் பிறகு புயல் மட்டும்தான். நடுவில் சூறாவளி என்று மாற்றி எழுதினால் அது வேறு ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொள்வார்கள்.

1960இல் வந்த கேரோல், 1975இல் வந்த ஜெர்வேஸ் பற்றி ஒரு வரி சேர்க்க ஆசை. இரண்டின் கண்ணும் தீவின் மேலேயே போனது என்று பாட்டி சொல்கிறார்.

பாட்டி சொல்வது உண்மை, இரண்டும் பிப்ரவரியில் வந்தவை. ஆனால் ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது’ என்று வாயால் சொல்லிப் பாருங்கள். ஆண்டு மட்டுமே 13 எழுத்து, மூன்று விநாடிக்கு மேல். ஜெர்வேஸில் காற்று ஒரு வீச்சில் மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதையும் சேர்த்தால் ஒரு கட்டமே போய்விடும்.

ஆண்டும் எண்ணும் கண்ணுக்குரியவை. ஐந்தாம் கட்டத்தின் அடியில் ‘கேரோல் 1960, ஜெர்வேஸ் 1975’ என்று பிள்ளையின் கையெழுத்திலேயே எழுதிவிடுங்கள், குரல் அதைத் தொடவேண்டாம். பாட்டியின் கதைக்கு இன்னொரு வீடியோ செய்யலாம். அதைத்தான் எனக்கும் பார்க்க ஆசை.

போட்டோவில் பென்சில் கோடு தெரியவில்லை, அம்புக்குறிகள் எதற்கு என்றும் புரியவில்லை. எப்படி எடுத்து அனுப்பச் சொல்வது?

பென்சிலின் மேல் கறுப்புப் பேனாவால் ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள். தாளைச் சன்னலுக்கு அருகே மேசையில் தட்டையாக வைத்து, பிளாஷ் இல்லாமல், போனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுக்க வேண்டும். முழுத் தாளுக்கு ஒரு படம், வரிசைக்கு ஒரு படம். வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

அம்புக்குறிகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். கட்டத்துக்குள் இருப்பது பொருள் நகர்வது. கட்டத்துக்கு வெளியிலோ, உள்ளே ஒரு குட்டிச் சதுரத்தோடோ இருப்பது கேமரா நகர்வது. ஐந்தாம் கட்டத்தில் குட்டி வீட்டைச் சுற்றி ஒரு சதுரம் போட்டிருந்தது, அதாவது படம் வீட்டை நோக்கி நெருங்குகிறது. அப்படியானால் ‘இது புயலின் கண்’ என்பதை நெருங்கத் தொடங்கும்போது சொல்ல வேண்டாம், வீடு பெரிதாகத் தெரிந்தபின் சொல்ல வேண்டும். அரை விநாடி வித்தியாசம்தான், ஆனால் ‘இது’ என்ற சொல் எதைச் சுட்டுகிறது என்பது அதில்தான் இருக்கிறது.

புரியாத அம்புக்குறியை ஊகித்து எழுதாதீர்கள். வரைந்த பிள்ளையையே கேளுங்கள். ஒருமுறை மழை என்று நான் நினைத்தது கரும்பு.

படிக்கும் பிள்ளை ‘எதிர்ப்பக்கத்திலிருந்து’ என்ற இடத்தில் தடுக்கி விழுகிறது. சொல்லை மாற்றுவதா?

சொல்லை மாற்றும் முன் எழுதிய விதத்தை மாற்றிப் பாருங்கள். படிக்கும் தாளில் ‘எதிர்ப் பக்கத்தில் இருந்து’ என்று பிரித்து, பெரிய எழுத்தில் எழுதுங்கள். இலக்கணப்படி சேர்த்து எழுதிய பிரதி உங்களிடம் இருக்கட்டும், திரையில் போட அது பயன்படும். மூச்சு விடும் இடத்தில் சாய்கோடு போடுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

எல்லா வரியும் சேர்ந்து எவ்வளவு நேரம் வருகிறது? கூடினால் என்ன செய்வது?

மீதி இரண்டு கட்டங்களின் வரிகளையும் தந்துவிடுகிறேன். ஏழு: ‘அதனால் ரேடியோ சொல்லும்வரை உள்ளேயே இருப்போம்.’ எட்டு: ‘புயல் போனது. இப்போது கதவைத் திறக்கலாம்.’ கடைசி வரி நான்காம் கட்டத்தின் ‘திறக்க வேண்டாம்’ என்பதற்குப் பதில், அதனால்தான் அதே கதவு.

வரிசையாக எண்ணினால் 16, 25, 20, 14, 30, 21, 16, 15. மொத்தம் 157 எழுத்து, ஏறக்குறைய 40 விநாடிப் பேச்சு. மீதி 20 விநாடி காற்றுக்கும் மழைக்கும் அந்த அமைதிக்கும்.

படிக்கப்போகும் பிள்ளையை வைத்து ஒருமுறை ஸ்டாப்வாட்ச் போட்டுப் பாருங்கள், உங்கள் வேகத்தில் அல்ல. ஐந்தாம் கட்டம் 10 விநாடி ஆனால் பிள்ளையை விரட்டாதீர்கள். ஏழாம் கட்டத்தில் நான்கு விநாடிப் பேச்சுக்கு 7 விநாடி இருக்கிறது, அங்கிருந்து ஒன்றிரண்டை எடுத்து ஐந்துக்குக் கொடுங்கள். இரண்டுமே தாளில் வரைந்த படங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கும். நான்காம் கட்டத்தின் அமைதியிலிருந்து மட்டும் எடுக்க வேண்டாம். எல்லாரும் முதலில் கை வைப்பது அங்கேதான்.